வாரத் திட்டம் நேரத்தை மிச்சப்படுத்துமா?

புது டீச்சர்:
இந்த வருஷம்தான் அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தேன், ஆறாம் வகுப்புக் கணக்கு. மூத்த ஆசிரியை ஒருவர் புதியவர்களை உட்காரவைத்து, வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் திட்டமிட்டால் நேரம் மிச்சம் என்று பேசினார். பாடக்குறிப்பேடு எழுதவே ராத்திரி ஆகிவிடுகிறது. மிச்சம் எங்கிருந்து வரும்?

சாக்பீஸ்:
வராது. திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவோம். செவ்வாய்க்கிழமை யாராவது லீவு போட்டால் நம்மை அந்த வகுப்புக்கு அனுப்புவார்கள். புதன்கிழமை பயிற்சிக் கூட்டம். அதற்குமேல் அந்தத் திட்டத்தை யார் பார்க்கிறார்கள்? அன்றன்றைக்குப் புத்தகத்தைத் திறந்து நடத்துவதுதான் நடைமுறை.

கணக்கு டீச்சர்:
நானும் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் பேசுவது அதிகாரி பார்க்கும் குறிப்பேட்டைப் பற்றி. என் வாரத் திட்டம் ஒரே ஒரு தாள். அதில் வெள்ளிக்கிழமைக் கேள்வியைத்தான் முதலில் எழுதுவேன்.

பின்னக் கூட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரண்டே கணக்கு: 1/2 + 1/3, 3/4 + 1/6. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று அப்போதே யோசித்துவிடலாம். சிலர் மேலேயும் கீழேயும் கூட்டி 2/5 என்பார்கள். சிலர் பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்றாமல் 1/6 + 1/6 = 2/6 என்பார்கள். இரண்டும் வேறு வேறு தப்பு, இரண்டுக்கும் வேறு வேறு பாடம் வேண்டும்.

இது தெரிந்துவிட்டால் வாரம் தானாக அமைகிறது. முதலில் காகிதப் பட்டை. ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள், ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடிக்கட்டும். அப்புறம் இரண்டையும் ஆறு பாகமாக மடித்தால் அரை என்பது 3/6, மூன்றில் ஒன்று 2/6 என்று கண்ணுக்குத் தெரியும். 2/5 எழுதிய பிள்ளையிடம், "அரைப் பட்டை ஏற்கெனவே இருக்கு, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். விடை எப்படி அரையை விடக் குறையும்?" என்று கேட்டாலே போதும். அடுத்து சமபின்னம், பிறகு கூட்டல், கடைசியில் பயிற்சிக் கணக்குகள்.

வாரத்தில் ஆறு பீரியட் இருந்தால் நான்குக்குத்தான் திட்டம் போடுவேன். பீரியட் பறிபோனால் எதை விடுவது என்பதும் தாளிலேயே இருக்கும். பயிற்சிக் கணக்கு வீட்டுப்பாடமாகலாம், பட்டை மடிக்கும் வகுப்பை மட்டும் விடக்கூடாது.

நேரம் மிச்சமாவது திருத்தும்போதுதான். வெள்ளிக்கிழமைத் தாள்களைச் சரியானவை, 2/5 வகை, 2/6 வகை என்று அடுக்கினால் போதும், நோட்டு நோட்டாகத் திருத்த வேண்டாம். 3/4 + 1/6-க்கு 22/24 வந்தால் அதுவும் சரிதான், சுருக்கி 11/12 ஆக்கவில்லை, அவ்வளவே. எந்த அடுக்கு உயரமோ, அங்கிருந்துதான் அடுத்த வாரம் தொடங்கும். இந்த அடுக்கு இல்லாமல் பாடம் முடிந்தது என்று நகர்ந்தால், பரீட்சைக்கு முந்தின வாரம் மொத்தத்தையும் மறுபடி நடத்த வேண்டிவரும். பெரிய நேரம் போவது அங்கேதான்.

ரெட்டை வகுப்பு:
எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, ஒன்றிலிருந்து ஐந்துவரை. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கையேட்டில் என்ன நடத்த வேண்டும் என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க நாம் ஏன் தனியாகத் திட்டம் போட வேண்டும்?

கணக்கு டீச்சர்:
என்ன நடத்துவது என்பதைக் கையேடு சொல்லிவிடும் சார். அரும்பு நிலைப் பிள்ளைகளோடு நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கும்போது மொட்டு, மலர் நிலைப் பிள்ளைகள் என்ன செய்து கொண்டிருப்பார்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வாரத்துக்கான பயிற்சித் தாள்களை முன்பே பிரித்து வைத்தால் நடுவில் எழுந்து போக வேண்டியிருக்காது.

ரெட்டை வகுப்பு:
அது உண்மை. தாள் தேடிப் போகும்போதுதான் வகுப்பு கலைகிறது.

சாக்பீஸ்:
வெள்ளிக்கிழமைக் கேள்வியை முதலில் எழுதுவது எனக்கும் பிடித்திருக்கிறது, அடுக்குவதும்தான். ஆனால் அனுபவம் உள்ளவருக்குத்தான் 2/5 வரும் என்று முன்பே தெரியும். புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாள் போடவே அவருக்குச் சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். குறிப்பேடும் எழுதியாக வேண்டும். முதல் வருஷம் இரட்டை வேலைதான்.

கணக்கு டீச்சர்:
முதல் வருஷம் கூடுதல் வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனால் தப்புகளைத் தெரிந்துகொள்ள, போன வருஷத்துப் பரீட்சைத் தாள்கள் பத்தைப் புரட்டினால் போதும், அல்லது அதே வகுப்பை முன்பு எடுத்தவரைக் கேட்கலாம். குறிப்பேட்டில் இந்தத் தாளையே ஒட்டிக்கொள்ள எங்கள் தலைமை ஆசிரியர் விடுகிறார். எல்லாப் பள்ளியிலும் விடுவார்களா என்றால், அது தலைமை ஆசிரியரைப் பொறுத்தது.

புது டீச்சர்:
எங்கள் பள்ளியில் விட மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் தாள் போட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம் டீச்சர்: வெள்ளிக்கிழமை மூன்று அடுக்கும் ஒரே உயரத்தில் வந்தால் அடுத்த வாரம் எங்கிருந்து தொடங்குவது?