‘எதவா’வை விதவை ஆக்கியது யார்?

திருத்தணி வாசு:
மொழி மாற்றினால் ஜோக் செத்துப்போகும், திட்டு செத்துப்போகும் என்று ஆளாளுக்கு ஒப்பாரி வைக்கிறீர்கள். எல்லாம் சோம்பேறிகளின் சாக்கு. போன மாதம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு தெலுங்கு நாடகத்தை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சொல்லுக்குச் சொல், ஒன்றைக்கூட விடவில்லை. ஜனங்கள் சிரிக்கவில்லை என்றால் அது நடித்தவன் தப்பு. இல்லை என்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் பார்ப்போம்.

நகரித் தறி:
நான் வந்திருந்தேன் சார், மூன்றாவது வரிசை. தாத்தா வேடம் போட்டவர் பேரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே “அடேய் விதவை” என்றார். என் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். நடித்தவர் பாவம், நீங்கள் எழுதியதைச் சொன்னார்.

தெலுங்கில் அந்த இடத்தில் இருப்பது ‘எதவா’. எழுத்தில் வெதவ, வாயில் எதவ. தாத்தா சொன்னால் செல்லம், வாத்தியார் சொன்னால் திட்டு, கடன் கொடுத்தவன் சொன்னால் அடிதடி. ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். கணவனை இழந்த பெண் யாரும் அங்கே யாருடைய நினைவிலும் வரமாட்டார்.

திருத்தணி வாசு:
பிரவுன் அகராதியை எடுத்துப் பாருங்கள். வெதவ என்றால் விதவை. வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தது தறி ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை.

நகரித் தறி:
பிரவுன் பொய் சொல்லவில்லை. சொல் பிறந்த இடம் அதுதான், சமஸ்கிருத விதவா. தமிழ்த் தாத்தா பேரனை ‘கழுதை’ என்று கூப்பிட்டால், அதைத் தெலுங்கில் போடுகிறவர் வாலும் நாலு காலும் வைத்தா எழுதுவார்? உங்கள் பேரனை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்? ‘வெளங்காதவனே’ என்பீர்களா இல்லையா? அதைப் போட்டிருந்தால் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பார், சிரித்தும் இருப்பார்.

சித்தூர் மருமகள்:
எல்லாம் தொனியில்தான் இருக்கிறது, சொல் எதுவானாலும் ஒன்றுதான் என்பது என் கட்சி. என் மாமியார் என் வீட்டுக்காரரைத் தினமும் ‘சன்னாசி எதவா’ என்பார். உருப்படாதவனே என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் எனக்கு அது தெரியாது. அம்மாவிடம் போனில், “அத்தை இவரைச் சன்னியாசின்னு சொல்றாங்கம்மா” என்றேன். அம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை காவி கட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பிவிட்டார் என்று நினைத்துவிட்டார்!

நகரித் தறி:
தொனி மட்டும் போதும் என்றால் உங்கள் அம்மா ஏன் அழுதார் அக்கா? நீங்கள் சிரிப்பாகத்தானே சொல்லியிருப்பீர்கள்? தொனி பாதி வேலை செய்யும். மீதிப் பாதியைச் சொல்தான் செய்ய வேண்டும். கேட்பவர் காதில் அந்தச் சொல் ஏற்கெனவே திட்டாகப் புழங்கியிருந்தால்தான் தொனி அதன் மேல் ஏறும். சன்னியாசி தமிழ்க் காதில் கும்பிட வேண்டிய ஆள்.

செங்கோட்டைக் காற்று:
என் கதையைக் கேளுங்கள். புனலூரில் ஒரு கடையில் வேலைக்குப் போன முதல் வாரம். முதலாளியை ‘சேட்டா’ என்று கூப்பிட வேண்டும், அண்ணா என்று அர்த்தம். அவசரத்தில் நெடிலைக் குறிலாக்கி ‘செற்ற’ என்று காதில் விழுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். மலையாளத்தில் செற்ற என்றால் ஓலைக் குடிசை, ஆளைப் பார்த்துச் சொன்னால் ஈனப்பயல். அன்றைக்கு மத்தியானமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். ஆகவே மொழிபெயர்ப்பு ஆபத்தானது என்று வாசு சாருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

திருத்தணி வாசு:
உங்கள் நாக்குக் குளறலுக்கும் என் மொழிபெயர்ப்புக்கும் என்னய்யா சம்பந்தம்?

நகரித் தறி:
ஒரு தடவையாவது வாசு சார் சரியாகச் சொன்னார், அது மொழிபெயர்ப்பே இல்லை. ஆனால் செங்கோட்டை அண்ணே, நீங்கள் சொன்ன சொல்லில் ஒரு விஷயம் இருக்கிறது. குடிசையில் குடியிருப்பவனை இழிவாகப் பார்த்த பழைய கொழுப்பு அந்தத் திட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தமிழில் ‘குடிசையே’ என்று போட்டுப் பாருங்கள், யாருக்கும் கோபம் வராது. ஈனம் போய்க் கூரை மட்டும் மிஞ்சும்.

திருத்தணி வாசு:
துன்னபோத்து மீத வான. எருமை மேல் மழை பெய்த மாதிரி. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. செத்ததா? சிரிப்பு வரவில்லையா? பதில் சொல்லுங்கள்.

நகரித் தறி:
சாகவில்லை, சரி. அதை நீங்கள் மொழிபெயர்க்கவும் இல்லையே! அந்தப் பக்கமும் எருமை நனைகிறது, இந்தப் பக்கமும் நனைகிறது. உங்களுக்கு முன்னாலேயே பழமொழி இரண்டு ஊரிலும் இருந்தது. மலையாளத்துக்குப் போனால் போத்தின் காதில் வேதம் ஓதுவார்கள், மழை நின்றுவிடும்.

அதை விடுங்கள். உங்கள் இரண்டாம் காட்சிக்கு வருகிறேன், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. செருப்புக் கடை. மாமனார் மருமகன் சட்டையைப் பிடித்து, பணம் எங்கே போனது என்று உலுக்குகிறார். தெலுங்கில் “செப்பு! செப்பு!” என்று கத்துகிறார். செப்பு என்றால் சொல்லு, செருப்புக்கும் அதே செப்புதான். கடைப்பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து “ஏ சைஸு?” என்கிறான். எங்கள் ஊரில் இதைப் போட்டபோது பந்தல் அதிர்ந்தது. நீங்கள் எழுதியது என்ன? மாமனார் “சொல்லு! சொல்லு!” பையன் “எந்த சைஸ்?” எனக்கு முன்னால் இருந்த சின்னப் பையன், “எதுக்குப்பா சைஸ் கேக்குறான்?” என்று கேட்டான். அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் தெலுங்கு தெரியும் போல, விளக்க ஆரம்பித்தார். விளக்கி முடிப்பதற்குள் காட்சியே முடிந்துவிட்டது.

நானாக இருந்தால் கடையை மாற்றியிருப்பேன். தண்ணீர் விடும் ரப்பர் குழாய் விற்கிற கடை. மாமனார் “அடி வேணுமாடா? அடி வேணுமா?” என்று உலுக்குவார். பையன் டேப்பை இழுத்துக்கொண்டு வந்து “எத்தனை அடிண்ணே?” என்பான். பையன் வாயைத் திறக்கும் வரை யாருக்கும் அளவு ஞாபகம் வராது, திறந்ததும் உதையும் அளவும் சேர்ந்து வந்து விழும். செப்பு செய்த அதே வேலையை அடி செய்கிறது. வாக்கியத்தையும் திருப்பிப் போட வேண்டாம், தெலுங்கும் நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிற மொழி. ஆங்கிலத்தில் போட்டால்தான் அந்தத் தலைவலி. இங்கே மாற்ற வேண்டியது கடை ஒன்றுதான், அதற்குக்கூட நீங்கள் தயாரில்லை.

திருத்தணி வாசு:
ஆஹா! மூன்றாம் காட்சியில் மாமனார் கையில் செருப்பை எடுக்கிறாரே, அப்போது என்ன செய்வீர்கள்? குழாயால் அடிப்பாரா? இது மொழிபெயர்ப்பா, என் நாடகத்தைத் திருடி வேறு நாடகம் எழுதுவதா?

நகரித் தறி:
உங்கள் நாடகமா? சரி, இருக்கட்டும். செருப்பைக் காலிலிருந்து கழற்றட்டும். செருப்படிக்கு மாற்று கிடையாது, அந்த அவமானம் குழாயில் வராது. ஆனால் கடையிலேயே செருப்பு அடுக்கியிருந்து, அதையே பின்னால் கையில் எடுக்கும்போது வருகிற இரண்டாம் சிரிப்பு போய்விடும். அதைக் கொடுத்துவிட்டு முதல் சிரிப்பை வாங்குகிறேன். நீங்கள் இரண்டையும் கொடுத்துவிட்டு ஒன்றும் வாங்கவில்லை.

சித்தூர் மருமகள்:
குழாய் என்றதும் இங்கேயே குழாயடிச் சண்டை ஆரம்பமாகிவிட்டதே. இதைத் தெலுங்கில் என் மாமியாருக்கு எப்படிச் சொல்வேன்?

புத்தூர்க் குரல்:
நான் சென்னையில் டப்பிங் பேசுகிறவன். எங்களுக்கு அர்த்தத்தோடு வாயும் பார்க்க வேண்டும். முகத்தைக் கிட்டே காட்டும்போது நடிகர் ‘வெதவா’ என்றால் கடைசியில் வாய் திறந்திருக்கும். ஒரு தடவை ‘முண்டம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசி ம்-முக்கு உதடு மூடணும், திரையில் ஆள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். பார்க்க அசிங்கமாக இருந்தது. ‘வெளங்காதவனே’ நீளம்தான், ஆனால் வெ-யில் தொடங்கித் திறந்த வாயில் முடிகிறது. கொஞ்சம் வேகமாகப் பேசினால் உட்கார்ந்துவிடும். நாடக மேடைக்கு இந்தக் கவலை இல்லை, சும்மா சொன்னேன்.

திருத்தணி வாசு:
பார்த்தீர்களா! முண்டம்! முண்டை என்றால் விதவை. முண்டம் அதன் ஆண்பால். அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கட்சிக்கே வந்துவிட்டீர்கள்.

நகரித் தறி:
முண்டம் என்றால் தலையில்லாத உடம்பு. மூளை இல்லாதவன் என்று திட்டுகிறோம். முண்டை வேறு.

திருத்தணி வாசு:
இரண்டும் மொட்டைத் தலைதான். அந்தக் காலத்தில் விதவைக்கு மொட்டை அடிப்பார்கள்.

நகரித் தறி:
தலையே இல்லை என்கிறேன், மொட்டை எங்கே அடிப்பீர்கள்?

திருத்தணி வாசு:
பேச்சை மாற்றாதீர்கள். வெதவ என்றால் விதவையா இல்லையா? ஒரே சொல்லில் பதில். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்த வயிற்றெரிச்சலை என் நாடகத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டாம்.

செங்கோட்டைக் காற்று:
1960 எல்லாம் லேட்டு சார். நாங்கள் 1956 நவம்பரிலேயே திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து வந்துவிட்டோம்.

திருத்தணி வாசு:
வந்து என்ன செய்தீர்கள்? திரும்பவும் புனலூருக்குப் போய் முதலாளியைக் குடிசை என்றீர்கள்.

செங்கோட்டைக் காற்று:
அது வாய் தவறியது என்று நீங்களே சொன்னீர்களே! நீங்கள் பேனா பிடித்து, யோசித்து, ஒரு பையனை விதவை ஆக்கினீர்கள்.

நகரித் தறி:
நான் கிளம்புகிறேன், தறிக்கு கரண்ட் வந்துவிட்டது. வருகிற வருஷம் அந்த நாடகத்தை எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு போன்…

திருத்தணி வாசு:
கேட்க மாட்டேன்.

சித்தூர் மருமகள்:
ஒரு நிமிஷம். இவ்வளவையும் மாமியாருக்குத் தெலுங்கில் படித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஈ எதவ எவரு?” என்றார். உங்களில் யாரைக் கேட்டார் என்று நான் சொல்ல மாட்டேன்.

திருத்தணி வாசு:
அதாவது, ‘இந்த விதவை யார்’ என்று கேட்டிருக்கிறார். நான் சொன்னது சரிதானே?