10 ஆம்பியர் ஃப்யூஸும் பழுப்பு வயரும்: டிரெய்லர் விளக்கு இணைத்தவர்களின் அனுபவங்கள்

ஹியூஸ்டன்வாசி

என்னிடம் 2012ஆம் ஆண்டு செடான் ஒன்றும், 8 அடி நீளப் பெட்டி டிரெய்லர் ஒன்றும் உள்ளன. காரில் பிரேக் விளக்கும் மஞ்சள் இண்டிகேட்டரும் தனித்தனியாக இருக்கின்றன. டிரெய்லரிலோ ஒரே பல்புதான் இரண்டு வேலையையும் செய்கிறது. ஆகவே கடையில் கிடைத்த மலிவான கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, வயர் உறையைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளால் டிக்கியில் உள்ள டெயில் விளக்கு வயர்களோடு இணைத்து, நான்கு முனைத் தட்டைக் கனெக்டரை வெளியே கொண்டு வந்தேன். ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. சென்ற வாரம் இரவில் ஒரு ரயில் கேட்டைத் தாண்டிக் குலுங்கிய மறுகணம் டிரெய்லரின் சிவப்பு விளக்குகள், காரின் டெயில் விளக்குகள், டேஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் ஒன்றாக அணைந்துவிட்டன. ஹெட்லைட் மட்டுமே எரிந்தது. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். டெயில் விளக்குக்கான 10 ஆம்பியர் ஃப்யூஸ் எரிந்திருந்தது. டிரெய்லரில் நானே ஒன்பது சிறு விளக்குகளைக் கூடுதலாகப் பொருத்தியிருந்தேன். அந்தச் சுமைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெட்டிக்கடை ராஜா

எனக்கும் இதே தொல்லை இருந்தது, அண்ணா. 10ஐ எடுத்துவிட்டு 20 போட்டேன். இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமானால் டிரெய்லர் பல்புகளை எல்லாம் எல்.ஈ.டி.யாக மாற்றிவிடுங்கள், பிரச்சினையே இருக்காது.

பழைய எலக்ட்ரீஷியன்

எல்.ஈ.டி. பற்றித் தம்பி சொன்னதில் பாதி சரி. சுமை வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அறுந்த வயர் சட்டத்தைத் தொட்டால் எல்.ஈ.டி. காப்பாற்றாது. 20 ஆம்பியர் ஃப்யூஸ் யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். ஃப்யூஸ் இருப்பது பல்பைக் காப்பதற்காக அல்ல, ஃப்யூஸ் பெட்டியிலிருந்து டிக்கி வரை ஓடும் அந்த மெல்லிய வயரைக் காப்பதற்காக. ஃப்யூஸைப் பெரிதாக்கினால், அடுத்த முறை முதலில் உருகுவது கம்பளத்துக்கு அடியில் கிடக்கும் வயராக இருக்கலாம்.

ஹியூஸ்டன் நண்பர் ஊகிப்பதை விட்டு அளந்து பார்க்கட்டும். டெயில் ஃப்யூஸைப் பிடுங்கி, அந்த இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து விளக்கைப் போட்டால், காரின் சுமை எவ்வளவு என்று தெரியும். அப்போது டிரெய்லர் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. பிறகு டிரெய்லரின் எர்த்தான வெள்ளை வயரை ஒரு 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையிலும், டெயில் விளக்குக்கான பழுப்பு வயரை ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ், மீட்டர் இரண்டின் வழியாக நேர்முனையிலும் வைத்துத் தனியாக அளக்க வேண்டும்.

ஹியூஸ்டன்வாசி

அளந்தேன், ஐயா. காருக்கு 4.6 ஆம்பியர், டிரெய்லருக்கு 3.9 ஆம்பியர். மொத்தம் 8.5. ஃப்யூஸ் 10 என்னும்போது இது ஏன் எரிந்தது?

பழைய எலக்ட்ரீஷியன்

உங்கள் கணக்கு டிரெய்லரோடு பொருந்துகிறது. வழக்கமான இரட்டை இழைப் பல்பின் டெயில் இழை ஏறக்குறைய 0.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கு 1.2. பக்கவாட்டில் வைக்கும் சிறு பல்பு ஒவ்வொன்றும் 0.27, ஒன்பதுக்கு 2.4. நம்பர் தகட்டு விளக்கையும் சேர்த்தால் 3.9 வந்துவிடும்.

தொடர்ந்து ஓடும் சுமை ஃப்யூஸின் அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், அது தவறு. ஆனாலும் 8.5 ஆம்பியர் ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸைக் குலுங்கிய மறுகணத்தில் எரிக்காது. கணப்பொழுதில் எரிந்தால் அது ஷார்ட். பழுப்பு வயர் எங்கோ உரிந்து இரும்பைத் தொட்டிருக்கிறது. டிரெய்லரின் முன்நுனியில், வயர் சட்டத்துக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெல்பர்ன் பயணி

நான் என் முகாம் வண்டியில் குளிர்பெட்டி வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஏழு முனைத் தட்டைக் கனெக்டர் இருப்பதால், ஏதாவது ஒரு முனையிலிருந்து அதற்கும் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாமா?

பழைய எலக்ட்ரீஷியன்

நண்பரே, அது வேறு கேள்வி. விளக்கு வயர் எதிலிருந்தும் குளிர்பெட்டிக்கு எடுக்காதீர்கள். அதற்கு பேட்டரியிலிருந்து தடித்த தனி வயரும் தனி ஃப்யூஸும் தேவை.

ஹியூஸ்டன்வாசி

துளையில் ரப்பர் வளையம் இல்லை. பழுப்பு வயரின் உறை கடுகளவுக்குக் கிழிந்து செம்பு தெரிந்தது. அதைச் சரிசெய்தாலும் இனி காரின் வயரை நம்பி ஓட்ட மனமில்லை. என்ன செய்யலாம்?

ஆஸ்டின் கார்மெக்கானிக்

நான் என் வாடிக்கையாளர்களுக்குச் செய்வதைச் சொல்கிறேன். நீங்கள் வாங்கிய மலிவான கன்வெர்ட்டர், டிரெய்லருக்கான மின்சாரம் முழுவதையும் காரின் விளக்கு வயரிலிருந்தே எடுக்கிறது. பேட்டரியிலிருந்து நேரடி வயர் கேட்கும் வகை ஒன்றும் விற்கிறது. அதில் காரின் வயர் வெறும் செய்தியைத்தான் சொல்கிறது, வேலை முழுவதையும் பேட்டரி செய்கிறது. காரின் டெயில் வயரிலிருந்து அது இழுப்பது மிகச் சொற்பம், ஆகவே உங்கள் 4.6 ஆம்பியர் 4.6ஆகவே இருக்கும்.

பேட்டரி நேர்முனையிலிருந்து 12 கேஜ் வயர் ஒன்றைப் பின்பக்கம் வரை கொண்டு வாருங்கள். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் நடுவில் வயர் உரிந்தபோது பயனில்லை. ஒவ்வொரு வழியும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கன்வெர்ட்டர் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், உங்கள் 3.9 அதற்குள் வருகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். வேலை முழுவதும் முடியும் வரை அந்த ஃப்யூஸைப் போடாதீர்கள். அவசரத்தில் போட்டுவிட்டு ஒரு பெட்டியை நானே புகைய விட்டிருக்கிறேன்.

வெள்ளை வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பந்துக் கொக்கியை எர்த்தாக நம்ப வேண்டாம். கிரீஸும் துருவும் அதைக் கெடுத்துவிடும். பிரேக்கை மிதிக்கும்போது டெயில் விளக்கு மங்கினாலோ, இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து துடித்தாலோ முதலில் வெள்ளை வயரைச் சந்தேகியுங்கள்.

பெட்டிக்கடை ராஜா

நான்கு ரிலே வாங்கிப் போட்டால் இதே வேலை மலிவாக முடிந்துவிடுமே?

ஆஸ்டின் கார்மெக்கானிக்

பழைய காரில் டெயில் வழிக்கு ஒரு ரிலே நன்றாகவே உழைக்கும். ஆனால் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் ஒரே பல்பில் சேர்க்க வேண்டியிருப்பதால் வெறும் ரிலேயில் வயரிங் சிக்கலாகிவிடும். புதிய கார்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: விளக்கை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி துடிப்புத் துடிப்பாக இயக்குவதால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்தக் கார்களில் ஃப்யூஸ் எரிவதில்லை. பெட்டியே அந்த வழியை அணைத்துவிடும், சில வேளைகளில் அதுவே கெட்டுப்போகும். அந்தச் செலவுக்கு இரண்டு டிரெய்லர் வாங்கிவிடலாம்.

டொராண்டோ மாலா

என் கார் 2021ஆம் ஆண்டு மாடல். நீங்கள் சொன்ன பேட்டரி வகைக் கன்வெர்ட்டரைத்தான் கடையில் பொருத்தினார்கள். ஆனால் விளக்கை அணைத்த பின்னும் டிரெய்லரின் எல்.ஈ.டி.கள் விட்டுவிட்டு மங்கலாக மின்னுகின்றன. எர்த்தைப் பார்த்துவிட்டார்கள், சரியாக உள்ளது.

ஆஸ்டின் கார்மெக்கானிக்

பல்பு உயிரோடு இருக்கிறதா என்று கார் அவ்வப்போது அனுப்பும் சிறு துடிப்பைக் கன்வெர்ட்டர் உண்மையான கட்டளை என்று எடுத்துக்கொள்வதாக இருக்கலாம். துடிப்பு வகைக் கார்களுக்கென்றே தனிக் கன்வெர்ட்டர் உண்டு; அது ஒருவரின் வண்டியில் சரிசெய்தது, இன்னொருவரின் வண்டியில் சரிசெய்யவில்லை. உங்கள் டிரெய்லர் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பழுப்பு முனையில் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள்.

டொராண்டோ மாலா

சனிக்கிழமை அளந்து சொல்கிறேன்.

ஹியூஸ்டன்வாசி

என் வேலை நேற்று முடிந்தது. துளையில் ரப்பர் வளையம் போட்டேன். காரின் டெயில் ஃப்யூஸ் வழியாக மீண்டும் அளந்தபோது டிரெய்லர் விளக்குகள் எரியும் நிலையிலும் 4.6 ஆம்பியர்தான் காட்டியது. நீலக் கிளிப்புகளை மட்டும் இன்னும் மாற்றவில்லை. சால்டர் வைத்துச் சுருங்கு குழாய் போடும் எண்ணம் இருக்கிறது.