பிளீச்சிங் செக்‌ஷனில் விரலை ஏற்காத மெஷின்

செவ்வாய், இரவு

செல்வி: அனைவருக்கும் வணக்கம். எங்கள் கம்பெனியில் பிளீச்சிங் செக்‌ஷன் வாசலில் வருகையைப் பதிய வைத்திருக்கும் கைரேகை மெஷின் கொஞ்ச நாட்களாக எங்களில் பலருடைய விரலை ஏற்க மறுக்கிறது. எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்கு எரிந்து "Please try again" என்றே சொல்கிறது. பஞ்ச் விழாத நாளில் ஒன்றரை ஷிப்ட் வேலை செய்தாலும் ஒரு ஷிப்ட்தான் கணக்கில் ஏறுகிறது. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழனிச்சாமி பெரியப்பா: இதே தொல்லை எனக்கு ரேஷன் கடையில் இருந்தது, செல்வி. ரேகை தேய்ந்துவிட்டது என்று சொல்லி, கருவிழியைப் பார்க்கும் கருவியில் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். நீ ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

கார்த்தி: அதெல்லாம் வேண்டாம், அக்கா. கண்ணாடியில் அழுக்குப் படிந்திருக்கும், அவ்வளவுதான். தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வைத்துப் பாருங்கள்.

சரவணன்: தின்னர் வேண்டவே வேண்டாம், கார்த்தி. அழுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நீ சொன்னது சரி. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு இருக்கும். தின்னரும் பெட்ரோலும் அதைக் கெடுத்துவிட்டால் பிறகு யாருடைய விரலும் விழாது. செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தாலே தூசியும் பிசுக்கும் அதோடு வந்துவிடும். டேப்பில் அழுக்கு ஒட்டாத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்தால் போதும்.

பெரியப்பா, ரேஷன் கடைக் கருவி ஆதாரில் இருக்கும் ரேகையோடு ஒப்பிடுகிறது. கம்பெனி மெஷின் ஆதாரைப் பார்ப்பதே இல்லை; வேலையில் சேரும்போது அதிலேயே பதிந்த ரேகையைத்தான் பார்க்கிறது. ஆகவே ஆதாரைப் புதுப்பிப்பதால் செல்வி அக்காவுக்குப் பயன் இருக்காது.

அக்கா, எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். எல்லாருக்குமே விழவில்லையா, சிலருக்கு மட்டுமா? காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? விழாதவர்களுக்கு யாராவது மறுபடி ரேகை பதிந்து பார்த்தார்களா?

செல்வி: சிலருக்கு மட்டும்தான், தம்பி. ஆபீஸில் இருப்பவர்களுக்கும் டிரைவர்களுக்கும் உடனே விழுந்துவிடுகிறது. காஸ்டிக் சோடாவிலும் பெராக்சைடிலும் கை வைக்கிற எங்களுக்குத்தான் விழுவதில்லை, அதுவும் மாலையில்தான் அதிகம். என்னுடைய விரல் நுனிகள் வெள்ளையாக, செதில் செதிலாக உரிகின்றன. சூப்பர்வைசர் மறுபடி பதிந்தார். அன்று மாலை சரியாக விழுந்தது. மறுநாள் காலையில் பழைய கதைதான். அதனால் எங்கள் கையில்தான் குறை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சரவணன்: மறுநாள் காலையில் என்று நீங்கள் சொன்னதுதான் முக்கியம், அக்கா. கையில் மட்டும் குறை இருந்தால் புதிதாகப் பதிந்த ரேகை மாலையில் விழுந்திருக்காது, ஏனென்றால் உங்கள் கை மாலையில்தான் மோசமாக இருக்கிறது. ஒரே இரவில் அந்தப் பதிவு எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

பல கம்பெனிகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேர் இரவில் எல்லா மெஷினுக்கும் ஆட்களின் விவரத்தை ஏற்றிவிடும். சூப்பர்வைசர் மெஷினில் புதிதாகப் பதிந்ததை முதலில் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளாமல் விட்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பதிவு இரவில் வந்து புதியதை அழித்துவிடும். நாளைக் காலையில் வேலை தொடங்கும் முன் அவரை மெஷினின் மெனுவில் Autotest என்ற இடத்துக்குப் போய், ரேகை சென்சாரைச் சோதிக்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். விரல் வைத்தால் அதன் படம் திரையில் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கார்த்தி: எண்ணெய் தடவுவதும் தவறா, அண்ணா?

சரவணன்: தடவிய கையோடு வைப்பதுதான் தவறு. காய்ந்த விரலில் ரேகையின் மேடுகள் கண்ணாடியில் முழுதாகப் படியாமல் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும். எண்ணெய் அதிகமானால் கோடுகளுக்கு இடையில் இருக்கும் பள்ளமும் நிரம்பி எல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். துளி எண்ணெய் தடவி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கலாம். அவசரத்துக்கு விரலில் ஒருமுறை வாயால் ஊதினாலும் அந்த ஈரம் உதவும். சானிடைசர் போட்டவுடன் வைப்பது காய்ந்த தோலை இன்னும் காயவைத்துவிடும்.

வியாழன், இரவு

செல்வி: பார்த்துவிட்டோம், தம்பி. யாரும் விரல் வைக்காதபோதே திரையின் கீழ்ப்பக்கம் ஒரு மங்கலான வளைந்த கோடு தெரிந்தது. டேப் ஒட்டி எடுத்த பிறகு அது போய்விட்டது. என் வலது ஆள்காட்டி விரலின் படத்தில் கோடுகள் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தன. மாலதி அக்காவின் படமோ தெளிவாகவே இருந்தது, ஆனாலும் அவருக்கு விழவில்லை.

சரவணன்: படம் தெளிவாக இருந்தும் விழவில்லை என்றால் சேமித்து வைத்திருக்கும் பதிவுதான் மோசம். மெஷின் ரேகையைப் படமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில்லை. கோடுகள் முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும் குறித்துக்கொள்கிறது. மாலதி அக்கா பதியும்போது எப்படி வைத்தார் என்று கேட்டீர்களா?

செல்வி: கேட்டேன். தீபாவளிக்கு முன்பு ஆள் எடுத்தபோது எல்லாரையும் ஒரே காலையில் வரிசையில் நிறுத்தி அவசரமாகப் பதிந்தார்களாம். விரல் நுனியை மட்டும் குத்தி எடுத்ததாகச் சொல்கிறார்.

சரவணன்: அப்படியானால் மூன்று முறையும் நுனிதான் பதிந்திருக்கும். இப்போது அவர் விரலைத் தட்டையாக வைக்கும்போது இரண்டுக்கும் பொதுவான இடம் கொஞ்சம்தான் இருக்கும். மறுபடி பதியும்போது ரேகை சுழியும் நடுப்பகுதி கண்ணாடியின் நடுவில் வரும்படி தட்டையாக வைத்து, ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு விரலாவது பதியுங்கள். சோடா குறைவாகப் படும் கையில் ஒன்று இருக்கட்டும். பதிந்தவுடன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கிய பிறகுதான் இரவு ஏற்றத்தை நடக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளும் இதே கதைதான்.

தேவி: நான் வேறொரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். மெனுவில் 1:N Match Threshold என்று ஒன்று உண்டு, அதைக் குறைத்தால் எல்லாருக்கும் விழுந்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சரவணன்: விழும் என்பது உண்மைதான், தேவி. ஆனால் அந்த எண் எல்லா ஆட்களோடும் ஒப்பிடுவதற்கானது. அதை அதிகமாகக் குறைத்தால் ஒருவர் விரலுக்கு இன்னொருவர் பெயரில் பஞ்ச் விழ ஆரம்பிக்கும். சம்பளக் கணக்கில் அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அதைவிட, தன் ஊழியர் எண்ணை அடித்துவிட்டு விரல் வைத்தால் மெஷின் அந்த ஒருவருடைய பதிவோடு மட்டும்தான் ஒப்பிடும். செல்வி அக்கா மாதிரி கை காய்ந்தவர்கள் அந்த வழியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

செல்வி: எண் அடித்து வைத்தபோது இன்று மாலை எனக்கு விழுந்தது, தம்பி. ஆனால் முத்தம்மா பாட்டிக்கு அதுவும் விழவில்லை. அவர் விரலில் கோடே தெரியவில்லை.

சரவணன்: கையுறை போட்டு வேலை செய்தால் சில வாரங்களில் தோல் தேறி, ரேகை பெரும்பாலும் அதே வடிவத்தில் திரும்ப வரும். அதுவரைக்கும், ஏன் வயதான தோலுக்கு அதன் பிறகும்கூட, அவருக்கு அட்டையோ கடவுச்சொல்லோ கொடுப்பதுதான் நியாயம். விரல் விழாததற்காக அவரை வாசலில் நிற்கவைப்பது சரியில்லை.

பழனிச்சாமி பெரியப்பா: கண்ணைக் காட்டும் மெஷினை வாங்கச் சொல்லக் கூடாதா?

செல்வி: அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள், பெரியப்பா. கையுறையே கேட்டுக் கேட்டுத்தான் வருகிறது. ஏற்கெனவே கழித்த அரை ஷிப்டுகளுக்கு என்ன வழி என்றும் கேட்டேன். மேனேஜர் பதில் சொல்லவில்லை.

தேவி: வாசல் செக்யூரிட்டி நோட்டில் உள்ளே வந்த நேரம் எழுதியிருப்பார்கள், அக்கா. அந்தத் தேதிகளின் பக்கங்களை முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் நிராகரித்த முயற்சிகள் பதிவாகின்றனவா என்று சரவணன் அண்ணாவால் சொல்ல முடியுமா?

சரவணன்: மாடலைப் பொறுத்தது, தேவி. மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், அக்கா, பார்க்கிறேன்.

செல்வி: நாளை ஷிப்ட் தொடங்கும் முன்பே எடுத்து அனுப்புகிறேன், தம்பி.