கன்னத்தில் மட்டும் ஏன் தாடி வரவில்லை?

கார்த்தி: சுதா அக்கா, எனக்கு 20 ஆகிவிட்டது. மீசையும் தாடையும் நன்றாக இருக்கின்றன. இரண்டு கன்னத்திலும் மட்டும் இடைவெளி. மீசை ஓரம் செம்பட்டையாக வேறு இருக்கிறது. ஏன்?

பெரியப்பா: தினமும் ஷேவ் பண்ணு, தானாக அடர்த்தியாகும். நான் அப்படித்தான் வளர்த்தேன்.

சுதா: பெரியப்பா, பிளேடு தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வெட்டும், வேரைத் தொடாது. கூரான நுனி போய் மொட்டையாகிவிடுவதால் தடவும்போது சொரசொரப்பாக இருக்கும். நீங்கள் ஷேவ் பண்ணத் தொடங்கிய வயதில் தாடி எப்படியும் அடர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

சுதா: கார்த்தி, தாடி வளர வைக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தோடு முகம் முழுக்கத்தான் போகிறது. ஆனால் எல்லா முடிவேரும் அதற்கு ஒரே மாதிரி இணங்காது. மேலுதட்டு ஓரம்தான் முதலில் கருக்கும். பக்கவாட்டுக் கன்னம் பெரும்பாலும் கடைசியில்தான். மெல்லிய பூனைமுடி உதிர்ந்து, மறுபடி முளைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தடிக்கும். அதற்குப் பல வருடம் ஆகும்.

அம்மா: இரும்புச்சத்து குறைவாக இருக்குமோ சுதா? எனக்கும் முடி கொட்டுகிறது.

சுதா: சித்தி, உங்களுடையது வேறு விஷயம், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். இவனுக்குக் குரல் உடைந்து மீசையும் வந்துவிட்டது, ஹார்மோன் குறை என்று நினைக்க வேண்டாம்.

சேகர் மாமா: எனக்கு 27 வயது வரை கன்னத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது 41, தாடி நிறைய இருக்கிறது. ஆனால் தாடையில் மட்டும் நரை, தலை கருப்பு. ஹார்மோன் கூடினால் வெளுக்குமா?

சுதா: இல்லை மாமா. நிறம் தரும் செல்கள் ஒவ்வொரு வேரிலும் தனித்தனியாக இருக்கின்றன, ஒரே நாளில் எல்லாம் ஓயாது. பலருக்குத் தாடையில்தான் முதலில் நரைக்கும். செம்பட்டையும் இதே கணக்குதான். கருப்பு நிறமி குறைந்து சிவப்பு நிறமி கூடிய வேர்களில் அப்படித் தெரியும். வெயிலும் வெளுக்க வைக்கும்.

கார்த்தி: அப்படியானால் எந்த வயதில் நிறையும்?

சுதா: பலருக்கு 25 முதல் 30க்குள். சிலருக்கு 30 தாண்டியும் கூடிக்கொண்டே போகும். சிலருக்குக் கன்னம் நிறையாமலே நின்றுவிடும், அது பரம்பரை.

கார்த்தி: நண்பன் மினாக்சிடில் தடவுகிறான்.

சுதா: அது தலைமுடிக்கு என்று அனுமதிக்கப்பட்ட மருந்து. தாடியில் சிலருக்குப் பலன் தெரிகிறது, ஆனால் தோல் எரியலாம், படபடப்பு வரலாம். உன் வயதில் அவசரம் இல்லை. அதோடு உங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, நக்கினால் அதற்கு அது நஞ்சு.

சுதா: ஒன்று மட்டும் பார்த்துச் சொல். அந்த இடங்களில் முன்பு முடி இருந்து, திடீரென்று காசு அளவுக்கு வழுவழுப்பாக உதிர்ந்ததா?

கார்த்தி: இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், மெல்லிய முடி நிறைய இருக்கிறது.

சுதா: அது பூச்சிவெட்டு இல்லை, இன்னும் தடிக்காத முடி. அப்படி வட்டமாக உதிர்ந்தால் மட்டும் உடனே தோல் மருத்துவரிடம் போ.

பெரியப்பா: எதற்கும் ஒரு மாதம் ஷேவ் பண்ணிப் பாரேன்.