இரட்டையெழுத்தா, சோடியெழுத்தா?

உப்புவெளியிலிருந்து:
பாடசாலைக் கணிதக் கண்காட்சிக்கு பிளேஃபேர் மறைக்குறியீட்டை விளக்கும் பலகை ஒன்று எழுதுகிறேன். எழுத்துகளை இரண்டிரண்டாகப் பிரித்து மாற்றும் இவ்வகைக்கு "இரட்டையெழுத்து மாற்றீடு" பொருந்துமா? திறவுச்சொல் நம் ஊர்ப் பெயர்தான். திரும்ப வரும் E-யை விட்டால் பத்து எழுத்து. முதல் இரண்டு வரிசை கச்சிதமாக நிறைந்துவிடுகிறது. J வந்தால் I என்றே கொள்கிறோம்.

```
T R I N C
O M A L E
B D F G H
K P Q S U
V W X Y Z
```

மூதூரிலிருந்து:
நல்ல சொல். ஒரே எழுத்து ஒவ்வொரு முறையும் வேறாக மாறுவதால், எழுத்தை எண்ணி இதை உடைக்கவே முடியாது என்பதையும் எழுதுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து:
சிறுவயதில் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் "க" சேர்த்துப் பேசுவோம். அம்மாவுக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது. அதுவும் இவ்வகைதானே?

திருகோணமலை நகரிலிருந்து:
இல்லை அக்கா, அதில் எழுத்து கூடுகிறதே தவிர மாறுவதில்லை.

தம்பி, "இரட்டை" என்றால் EE போல ஒரே எழுத்து இருமுறை வருவதாகப் படும். ஒரு சோடிக்குள் அதுதான் ஆகாது. வந்தால் நடுவில் X செருகுகிறோம். SEE THE SHIP என்பதைப் போட்டுப் பாருங்கள்.

```
SE ET HE SH IP
UL OC UH UG RQ
```

S, E இரண்டும் ஒரு செவ்வகத்தின் எதிர் மூலைகள். ஒவ்வொன்றும் தன் வரிசையிலேயே நின்று, மற்றதன் நிரலில் உள்ள எழுத்தை எடுக்கிறது. H, E ஒரே நிரல் என்பதால் கீழே உள்ளதை எடுக்கின்றன. ஒரே வரிசையானால் வலப்பக்கத்தில் உள்ளதை.

மூன்று E-களும் L, O, H ஆகிவிட்டன. விடையிலோ U மூன்று முறை வருகிறது. எண்ணுபவர் அதையே E என்று பிடிப்பார். உண்மையில் அது இரண்டு S, ஒரு H.

ஆனால் "உடைக்கவே முடியாது" என்று எழுதாதீர்கள். E எப்போதும் O, M, A, L, H ஆகிய ஐந்தில் ஒன்றாகத்தான் மாறும். மேலும் RE என்பது CM ஆனால், ER என்பது MC. RECEIVER என்ற சொல் சோடி எல்லையில் தொடங்கினால் CM-இல் தொடங்கி MC-இல் முடியும்; பழகிய கண்ணுக்கு அது போதும். செய்தி நீளமாக இருந்தால் சோடிகளையே எண்ணலாம். சோடிகள் 600 இருப்பதால் சிறு செய்தியில் எண்ணிக்கை பேசாது. மேலே பாருங்கள், THE-யின் TH கூட இரு சோடிகளில் பிரிந்துபோயிற்று.

என் பரிந்துரை "சோடியெழுத்து மாற்றீடு".

மூதூரிலிருந்து:
உடைக்க முடியாது என்றதை மீட்டுக்கொள்கிறேன். ஆனால் "சோடி" நம் பக்கத்து வழக்கு, தமிழகத்தில் "ஜோடி" என்பார்கள். "இணையெழுத்து" என்றால் பொதுவாக இருக்குமே?

உப்புவெளியிலிருந்து:
மாணவர்கள் இணையத்தில் தட்டச்சும் எழுத்து என்று நினைப்பார்கள், ஐயா. இப்போதைக்குச் "சோடியெழுத்து" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். மை பூச வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.