உள் முழங்கை வலி: தசைநாரா, நரம்பா?

பிசியோ நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 42 வயதுக்காரர், நாள் முழுக்க ஸ்க்ரூடிரைவர் திருகும் வேலை. 2 மாதமாக வலது முழங்கையின் உள்பக்கம் வலி. அங்குள்ள எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே, முன்புறமாக அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறார். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கும்போது நாம் தடுத்துப் பிடித்தாலும் அதே இடத்தில்தான் வலி. இதுவரை தேய்ந்த தசைநாரின் கதை.

ஆனால் முழங்கையை முழுதாக மடக்கி 1 நிமிடம் வைத்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரக்கின்றன. மேட்டின் பின்பள்ளத்தில் தட்டினால் விரல்வரை சுரீர் என்கிறது. தசைநார் மட்டும் என்றால் மரப்பு வராதே. அல்நார் நரம்பும் மாட்டியிருக்கிறது என்றே படுகிறது. கழுத்தை அசைத்தால் மாற்றமில்லை, விரல்களை விரிக்கும் பலமும் குறையவில்லை.

இரவில் முழங்கை மடங்காதபடி துண்டு சுற்றச் சொல்லியாயிற்று. மணிக்கட்டுக்கான எடைப் பயிற்சியை இப்போதே தொடங்கலாமா, மரப்பு அடங்கட்டுமா? நரம்புக் கடத்தல் சோதனைக்கு எந்தக் கட்டத்தில் அனுப்புவீர்கள்?