புதுப்பிப்பு: டிஎம்மில் வந்த பிராண்ட் கூட்டணி அழைப்பு

"ஒப்பந்தத்தை ஜிப் கோப்பாக அனுப்பியிருக்கிறார்கள், கடவுச்சொல்லும் டிஎம்மிலேயே வந்தது. திறக்கலாமா?"

இப்படித்தான் முன்பு இங்கே கேட்டிருந்தேன். திறக்கவில்லை. அந்தப் பிராண்டின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கே எழுதிக் கேட்டேன். அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. ஜிப்புக்குக் கடவுச்சொல் போடுவதே வைரஸ் ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் என்று இங்கே ஒருவர் விளக்கியிருந்தார்: உள்ளே `contract.pdf.scr` மாதிரி ஏதாவது இருக்கும், விண்டோஸ் அந்தக் கடைசி `.scr`ஐ மறைத்துவிடுவதால் பிடிஎஃப் போலத் தெரியும், ஆனால் உண்மையில் அது ஒரு புரோகிராம், திறந்தால் பிரவுசரில் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் செஷனையே அள்ளிக்கொண்டு போய்விடும், அப்புறம் ஓடிபிகூடத் தேவைப்படாது. நீல டிக் இருந்தால் நம்பலாம் என்றவருக்கு: டிக் காசுக்கும் கிடைக்கிறது, திருடிய கணக்கிலும் இருக்கிறது. இன்னொருவரிடம் கோப்பே அனுப்பாமல் மாதிரிப் பொருளுக்குக் கூரியர் செலவு மட்டும் கேட்டார்களாம். அது இதே கும்பலா, தெரியவில்லை. கணக்கைப் புகார் செய்தேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறது.